ஆழமான சொத்தைல எது எங்க வைக்கணும்: கால்சியம் ஹைட்ராக்சைடு, ஜிங்க் ஆக்சைடு யூஜினால், பயோசெராமிக் முழு வழிகாட்டி

மூணு மருந்தையும் தனித்தனியா பட்டியல் போட்டு, இதோட குணம் இது, இதோட உபயோகம் இதுன்னு படிச்சா பரீட்சைக்கு போதும், ஆனா சேர்ல பேஷன்ட் உக்காந்ததும் எதை எடுக்கறதுன்னு கை நிக்கும். அதனால ஒரே ஒரு பல்ல எடுத்துக்கிட்டு அதை முதல் வலிலேர்ந்து கடைசி வரைக்கும் கூட்டிட்டு போகலாம், வழியில மூணும் எங்கெங்க வருது, எங்க வரவே கூடாதுன்னு பார்க்கலாம். டென்டல் படிக்கிறவங்களுக்கும் புதுசா பிராக்டிஸ் ஆரம்பிச்சவங்களுக்கும் எழுதறேன், மத்தவங்க படிச்சா புரிஞ்சுக்கலாம், ஆனா வீட்டுல செஞ்சு பார்க்கற விஷயம் இல்ல.

பல்லு எதுன்னா, கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், நம்பர் 46. 19 வயசு பொண்ணுன்னு வெச்சுக்குவோம். பழைய ஃபில்லிங் உடைஞ்சு விழுந்திருக்கு, குளிர்ந்த தண்ணி பட்டா சுள்ளுனு இருக்கு, தண்ணி போனதும் ரெண்டு மூணு செகண்ட்ல அடங்கிடுது. ராத்திரி தானா வலிக்கல, தட்டிப் பார்த்தா வலி இல்ல. எக்ஸ்ரேல சொத்தை டென்டினோட கடைசி கால்பங்கு வரைக்கும் போயிருக்கு, வேர் நுனி சுத்தமா இருக்கு.

மொதல்ல மூணும் உள்ள என்ன செய்யுது

கால்சியம் ஹைட்ராக்சைடு 1920ல ஹெர்மன் பல் மருத்துவத்துக்குள்ள கொண்டு வந்தது, நூறு வருஷம் தாண்டிடுச்சு. அதோட மொத்த வித்தையும் ஹைட்ராக்சில் அயனிலதான் இருக்கு. ஈரத்துல கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு, பிஹெச்ச 12.5 பக்கத்துல கொண்டு போயிடும். அந்த காரத்துல பெரும்பாலான பாக்டீரியா தாங்காது, செத்த பாக்டீரியாவோட சுவர்ல இருக்கிற எண்டோடாக்சினையும் அது உடைக்கும். உயிரோட இருக்கிற பல்ப் மேல நேரா பட்டா மேல் அடுக்கு மட்டும் மெலிசா கருகும், அதுக்கு கீழ இருக்கிற செல்லுங்க அதுக்கு பதிலா ஒரு கெட்டியான டென்டின் பாலத்த கட்டும். இதுவரைக்கும் நல்ல கதை. பிரச்சனை என்னன்னா அது கரையும். செட் ஆகற வகை, டைகால் மாதிரி ரெண்டு பேஸ்ட் கலந்து வைக்கறது, அதுகூட டென்டினோட ஒட்டாது, அழுத்தம் தாங்காது, வருஷங்கள்ல ஃபில்லிங்குக்கு அடில கரைஞ்சு காலி இடம் விட்டுடும். அது கட்டின பாலத்துலயும் நிறைய நேரம் சின்னச் சின்ன சுரங்கம் மாதிரி துளை இருக்கும், மைக்ரோஸ்கோப்ல பார்த்தா தெரியும். மேல மருந்து கரைஞ்சு போச்சு, கீழ பாலத்துல ஓட்டை, நடுவுல கசிவு வந்தா பாக்டீரியா நேரா பல்ப்புக்கு போயிடும்.

ஜிங்க் ஆக்சைடு யூஜினால், இனிமே சுருக்கமா இசட்ஓஈன்னு சொல்றேன், வேற ஜாதி. பவுடர் ஜிங்க் ஆக்சைடு, திரவம் கிராம்பு எண்ணெய்ல இருக்கிற யூஜினால். ரெண்டும் சேர்ந்தா ஜிங்க் யூஜினோலேட்ங்கிற கட்டமைப்பு உண்டாகும், அதுக்கு கொஞ்சம் ஈரம் வேணும், அதனாலதான் ஸ்லாப்ல மெதுவா இறுகறது வாய்க்குள்ள போனதும் சட்டுனு இறுகுது. முக்கியமான விஷயம் இந்த கட்டமைப்பு ஈரம் பட்டா கொஞ்சம் கொஞ்சமா திரும்ப உடையும், உடையும்போது யூஜினால் வெளிய வரும். இடையில டென்டின் இருந்தா அது வழியா ரொம்ப குறைஞ்ச அளவுதான் பல்ப்புக்கு போய்ச் சேரும், அந்த அளவு நரம்ப அமைதிப்படுத்தும், வலி குறையும். டென்டின் இல்லாம திறந்த பல்ப் மேல நேரா வெச்சா அதே யூஜினால் அதிக அளவுல செல்ல கொல்லும், வீக்கம் தீராம நிக்கும், பாலமும் கட்டாது. மருந்து அதேதான், இடையில டென்டின் இருக்கா இல்லையாங்கிறதுதான் எல்லாத்தையும் மாத்துது.

பயோசெராமிக்னு சொல்றது பெரும்பாலும் கால்சியம் சிலிகேட் சிமெண்ட். இதுல முன்னோடி எம்டிஏ, லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல டோராபினேஜாத் குழு 1993ல வெளியிட்டது, அடிப்படையில கட்டடத்துக்கு போடற போர்ட்லண்ட் சிமெண்ட சுத்திகரிச்சு, எக்ஸ்ரேல தெரிய பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது. இது தண்ணியோட சேர்ந்து இறுகும்போது ரெண்டு பொருள் உண்டாகுது, ஒண்ணு கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்ங்கிற கெட்டி ஜெல், இன்னொண்ணு கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆமா, அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். அதாவது பழைய மருந்து பண்ண நல்ல வேலைய இதுவும் பண்ணுது, பிஹெச் 10ல ஆரம்பிச்சு சில மணி நேரத்துல 12.5 ஆகுது, கால்சியம் வெளிய விடுது, ஆனா தான் கரைஞ்சு போகாம அங்கேயே கல்லா உக்காந்துக்குது. திசு நீர்ல இருக்கிற பாஸ்பேட்டோட சேர்ந்து மேல ஹைட்ராக்சி அபடைட் மாதிரி ஒரு அடுக்கும் உண்டாக்கும், அது டென்டினோட இடுக்க அடைச்சிடும். இந்த ஒரு பத்தி மட்டும் மனசுல நின்னாலே கீழ வர்ற படிகள் பாதி தானா புரிஞ்சிடும்.

படி 1: பல்ப் எந்த நிலைல இருக்கு

மருந்து தேர்வு பண்றதுக்கு முன்னாடியே பாதி முடிவு இங்க ஆயிடுது. குளிர் வெச்சா சுள்ளுனு வந்து சட்டுனு அடங்கினா பல்ப் எரிச்சல்ல இருக்கு, காப்பாத்தலாம். குளிர எடுத்த அப்புறமும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு வலி நின்னா, படுத்தா விண்ணு விண்ணுனு தானா வலிச்சா, மேல் பல்ப்பாவது பெருசா கெட்டிருக்குன்னு எடுத்துக்கணும். குளிருக்கு ஒண்ணுமே தெரியல, தட்டினா வலின்னா உள்ள செத்துடுச்சு, அங்க பல்ப் மேல என்ன வைக்கறதுங்கிற பேச்சே இல்ல, நேரா வேர் சிகிச்சைதான். பக்கத்துப் பல்லுக்கும் அதே டெஸ்ட் பண்ணி ஒப்பிட்டுக்கோங்க, இல்லன்னா ஒருத்தருக்கு இயல்பே அதிக கூச்சமா இல்ல நோயான்னு தெரியாது.

நம்ம 46 முதல் வகை.

படி 2: இன்னிக்கு டைம் இல்ல, அமைதிப்படுத்தி அனுப்பணும்

பேஷன்ட் அவசரமா வந்திருக்காங்க, நிதானமா ரப்பர் டேம் போட்டு வேலை பண்ண முக்கால் மணி நேரமாவது வேணும், அது இன்னிக்கு கையில இல்ல. இங்கதான் இசட்ஓஈயோட இடம். ஓரத்துல இருக்கிற சொத்தைய சுத்தமா எடுத்துட்டு, நடுவுல பல்ப் பக்கம் இருக்கிறத தொடாம, டெம்பரரியா அடைக்கறது.

கலக்கறதுலதான் நிறைய பேரு சொதப்புவாங்க. சாதா இசட்ஓஈ மெல்லற அழுத்தத்துக்கு சீக்கிரம் தேஞ்சிடும், அதனால ஐஆர்எம் மாதிரி பவுடர்ல பாலிமர் சேர்த்து பலப்படுத்தின வகை எடுத்துக்கலாம். பவுடர்ல பாதிய முதல்லயே திரவத்துக்குள்ள இழுத்து நல்லா அழுத்தித் தேய்ங்க, அப்புறம் மீதிய ரெண்டு மூணு தடவையா சேர்த்து ஸ்பேச்சுலாவ ஸ்லாப்ல அழுத்தி அழுத்தி இழுங்க. ஆரம்பத்துல பொடிப்பொடியா, சேராத மாதிரி இருக்கும், அப்போ பயந்துபோய் இன்னொரு சொட்டு திரவம் விட்டுடாதீங்க, விடாம தேய்ச்சா தானா மாவு மாதிரி வரும். விரல்ல உருட்டினா கையில ஒட்டாம உருளணும், அதுதான் சரியான பதம். ஒட்டினா யூஜினால் அதிகம், அப்படி வெச்சா மெதுவா இறுகும், சீக்கிரம் கரையும், மிச்ச யூஜினாலும் நிறைய வெளிய வரும். ஸ்லாப் சூடா இருந்தாலோ காத்துல ஈரம் அதிகமா இருந்தாலோ கைக்கு அடங்கறதுக்குள்ள இறுகிடும், ஸ்லாப்ப குளிர வெச்சுக்கலாம், ஆனா மேல தண்ணி வேர்த்து நிக்கற அளவுக்கு இல்ல, அந்த ஈரமே இன்னும் வேகமா இறுக வெச்சிடும்.

குழிக்குள்ள வெச்சு ஈரப் பஞ்சால அழுத்தினா மேல்பக்கம் இறுகிடும். குறைஞ்சது 4 மில்லிமீட்டர் கனம் இருக்கணும், இல்லன்னா கசியும். கடிக்கச் சொல்லி உயரம் பார்த்து அனுப்பலாம். ஏற்கனவே கிராம்பு எண்ணெய்க்கு அலர்ஜி இருக்கான்னு முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சிலருக்கு ஈறு புண்ணாகும்.

ஒரு வாரத்துல வந்து பேஷன்ட் கூச்சம் போச்சுன்னு சொன்னா அது நல்ல செய்திதான், ஆனா அதுக்கு அர்த்தம் சொத்தை நின்னுடுச்சுன்னு இல்ல, யூஜினால் மரத்துப்போக வெச்சிருக்கலாம். அதனால குளிர் டெஸ்ட்ட திரும்ப பண்ணுங்க.

படி 3: சொத்தைய எடுக்கறது, பல்ப் தெரிஞ்சா என்ன

இந்த தடவை ரப்பர் டேம் கட்டாயம். எச்சில் படுற இடத்துல பல்ப்ப திறந்துட்டு அப்புறம் எவ்வளவு நல்ல பயோசெராமிக் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா தோல்விக்கு காரணம் பெரும்பாலும் பாக்டீரியா, மருந்து இல்ல.

இங்க ரெண்டு கருத்து இருக்கு, தெரிஞ்சுக்கறது நல்லது. ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019ல சொன்னது, பல்ப் பக்கம் இருக்கிற மிருதுவான சொத்தைய கொஞ்சம் விட்டுட்டு மேல நல்லா சீல் பண்ணு, வேணும்னே பல்ப்ப திறக்காத. அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் சங்கம் 2021ல முழுசா எடுத்துடறது பக்கம் சாய்ஞ்சது, பல்ப் திறந்தா பார்த்துக்கலாம், உள்ள என்ன நிலைன்னு அப்பதான் கண்ணால தெரியும்னு. என் பார்வைல சாதாரண கிளினிக்ல வேலை பார்க்கிறவங்களுக்கு முதல் வழிதான் பத்திரம், மைக்ரோஸ்கோப்பும் நிதானமும் இருந்தா ரெண்டாவத யோசிக்கலாம். ரெண்டுக்கும் பொதுவான விஷயம் ஓரத்துல எனாமலும் டென்டினும் சேர்ற இடம் பளிச்சுனு சுத்தமா இருக்கணும்.

நம்ம கேஸ்ல நடுவுல கொஞ்சம் விட்டுட்டு நிறுத்தணும்னுதான் எடுத்தோம், ஆனா முன்பக்க மூலையில சொத்தை நினைச்சத விட ஆழமா போய், எக்ஸ்கவேட்டர் பட்டதும் ஒரு சிவப்புப் புள்ளி வந்துடுச்சு, ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த புள்ளி சொல்ற கதைய கவனிக்கணும். ரத்தம் பளிச்சுனு சிவப்பா வந்தா பல்ப் உயிரோட இருக்கு. கருஞ்சிவப்பா நிக்காம வந்தா உள்ள வீக்கம் ஜாஸ்தி. ரத்தமே வரல, இல்ல மஞ்சளா சீழ் மாதிரி வருதுன்னா அந்த பகுதி செத்துடுச்சு.

சொத்தை வழியா திறந்த பல்ப்ல மேல் அடுக்கு ஏற்கனவே அழுக்கா இருக்கும், அதனால புள்ளிய அப்படியே மூடறத விட ஸ்டெரைல் டைமண்ட் பர்ல தண்ணி ஓட ஓட ஒரு 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் பல்ப்ப எடுத்துடறது நல்லது, இதுக்கு பேரு பார்ஷியல் பல்ப்பாட்டமி. அப்புறம் சோடியம் ஹைப்போகுளோரைட்ல நனைச்ச பஞ்ச மெதுவா வெச்சு காத்திருங்க. பஞ்சு காஞ்சிருந்தா ரத்தக்கட்டோட சேர்ந்து ஒட்டிக்கும், எடுக்கும்போது திரும்ப கிழிஞ்சு ரத்தம் வரும், ஈரமாதான் இருக்கணும். 5 நிமிஷத்துல நின்னா நல்லது. நிக்கலன்னா இன்னும் கொஞ்சம் உள்ள எடுத்து அதே மாதிரி இன்னொரு தடவை பாருங்க. அதுக்கும் நிக்கலன்னா மேல் அறை பல்ப் முழுசும் எடுத்துட்டு வேர் வாய்ல பாருங்க, அங்கயும் ஓடிக்கிட்டே இருந்தா உயிர் காப்பாத்தற சிகிச்சை இந்த பல்லுக்கு இல்ல. ரத்தத்த மருந்தால அமுக்கி நிறுத்தி மேல மூடறது தப்பு, அது நோயோட நிலைய மறைச்சிடும்.

46ல நாலு நிமிஷத்துல நின்னுடுச்சு.

படி 4: பல்ப் மேல பயோசெராமிக்

இந்த இடத்துல இசட்ஓஈ கிடையாது, காரணம் மேல சொல்லியாச்சு. டைகால் வைக்கலாமா? வேற எதுவும் இல்லன்னா வைக்கலாம், பல வருஷம் அதுதான் ஒரே வழியா இருந்தது, வேலையும் செஞ்சது. ஆனா இன்னிக்கு கையில கால்சியம் சிலிகேட் இருந்தா அதுக்கு முன்னாடி டைகாலுக்கு நியாயம் இல்ல.

பயோடென்டின் எடுத்துக்கிட்டா இப்படி போகும். கேப்சூல முதல்ல மேசைல தட்டி பவுடர இளக்குங்க, அடில கட்டியா நின்னா கலவை சீரா வராது. அதுல திரவம் சரியா 5 சொட்டு, ட்யூப்ப நேர் செங்குத்தா பிடிச்சு, காத்துக்குமிழி சொட்டா விழாம. ஒரு சொட்டு ஜாஸ்தியானா கூழா வந்து நிக்காது, ஒரு சொட்டு குறைஞ்சா பொடிஞ்சு போகும். மிக்ஸர்ல 30 செகண்ட். திறந்து பார்த்தா கெட்டி தயிர விட கொஞ்சம் இறுக்கமா, இன்ஸ்ட்ருமென்ட்ல எடுத்தா விழாம நிக்கணும். அத திறந்த இடத்து மேலயும் சுத்தி இருக்கிற டென்டின் மேலயும் 2லேர்ந்து 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வெச்சு, அழுத்தாம, மெதுவா தட்டி உக்கார வைங்க. அழுத்தினா பல்ப்புக்குள்ள தள்ளிடும்.

அப்புறம் கலக்க ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து 12 நிமிஷம் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும். இதுதான் எல்லாருக்கும் கஷ்டமான படி. இந்த நேரத்துல தண்ணி ஸ்ப்ரே அடிச்சா கரைஞ்சு ஓடும், காத்து ஊதி காய வெச்சா தண்ணி இல்லாம இறுகாம மேல விரிசல் விடும். எக்ஸ்ப்ளோரர் முனைய லேசா வெச்சுப் பாருங்க, பள்ளம் விழலன்னா மேல போகலாம்.

எம்டிஏ வெச்சா கதை நீளம். பவுடர் மூணு பங்குக்கு தண்ணி ஒரு பங்கு, ஈர மணல் மாதிரி வரும், கையாளறது கஷ்டம். பழைய வகை இறுக 2 மணி 45 நிமிஷம் ஆகும், அதனால மேல ஈரப் பஞ்சும் டெம்பரரியும் வெச்சு அனுப்பி இன்னொரு நாள் வரவழைக்கணும். அதுல பிஸ்மத் ஆக்சைடு இருந்தா ஹைப்போகுளோரைட் பட்டு பல்லு சாம்பல் கறுப்பா மாறும். 46ல யாரும் பார்க்கப் போறதில்ல, முன் பல்லுல அதே வேலைய பண்ணிட்டா பேஷன்ட் வருஷக்கணக்கா உங்கள நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. முன் பல்லுக்கு சிர்கோனியம் ஆக்சைடோ டான்டலம் ஆக்சைடோ போட்ட வகைதான் சரி.

ஒரு எல்லையும் சொல்லிடணும், சீழ் இருக்கிற இடத்துல பிஹெச் அமிலமா இருக்கும், அங்க கால்சியம் சிலிகேட் சரியா இறுகாது, துளை விட்டு பலம் குறைஞ்சுதான் நிக்கும். வேர்ல தப்பா விழுந்த ஓட்டைய அடைக்க, ஆபரேஷன்ல வேர் நுனிய 3 மில்லிமீட்டர் அடைக்க, வளராத வேர் நுனிக்கு 4, 5 மில்லிமீட்டர் அடைப்பு போட எல்லாம் இதே குடும்பம்தான் கை கொடுக்கும், ஆனா முதல்ல தொற்ற அடக்கிட்டு வரணும்.

படி 5: மேல நிரந்தர ஃபில்லிங்

இங்க படி 2ல வெச்ச இசட்ஓஈ திரும்ப வந்து தொல்லை கொடுக்கும். யூஜினால் கம்போசிட் இறுகறத தடுக்கும், அதுல இருக்கிற ஃபீனால் பகுதி பாலிமர் சங்கிலிய ஓட விடாம பிடிச்சுக்கும். அதனால இசட்ஓஈ மேலயே நேரா கம்போசிட் போட்டா அடிப்பக்கம் கடைசி வரைக்கும் பசையாவே இருக்கும். டெம்பரரிய எடுத்த அப்புறம் சுவர்ல ஒட்டியிருக்கிற மிச்சத்த அல்ட்ராசோனிக் முனையாலயும் பியூமிஸ் பிரஷ்ஷாலயும் தேய்ச்சு எடுங்க. கண்ணுக்கு தெரியாட்டியும் மூக்குக்கு தெரியும், கிராம்பு வாசம் அடிச்சா இன்னும் இருக்குன்னு அர்த்தம். சுத்தமா எடுத்துட்டு ஆசிட் எட்ச் பண்ணி கழுவற பாண்டிங் முறை போட்டா பெருசா பிரச்சனை வராது, ஏன்னா மேல் டென்டின் அடுக்கு கழுவிட்டு போயிடும். செல்ஃப் எட்ச்ல அந்த கழுவல் இல்ல, அதனால அங்க கவனம் ஜாஸ்தி வேணும். டெம்பரரி வெச்ச மறுநாளே கம்போசிட் போடறத விட ஒரு வாரம் கழிச்சு போடறது ஒட்டுதலுக்கு நல்லது.

பயோடென்டின் புதுசா இறுகியிருக்கும்போது அது மேல பாஸ்பாரிக் ஆசிட் பட்டா மேல்பக்கம் அரிக்கும். அதுக்கு ரெண்டு வழி, மேல ஒரு ஜிஐசி அடுக்கு போட்டு அன்னிக்கே முடிக்கறது, இல்ல பல்லு முழுசும் பயோடென்டினாலயே அடைச்சு விட்டு ரெண்டு வாரம் கழிச்சு மேல்பக்கம் குறைச்சு கம்போசிட் போடறது. நமக்கு ரெண்டாவது பிடிக்கும், இடையில வலி வருதான்னு பார்க்க ஒரு இடைவெளியும் கிடைக்குது.

எக்ஸ்ரேல பயோடென்டின் டென்டின் மாதிரியே மங்கலா தெரியும், அத பார்த்து யாராவது ஃபில்லிங்குக்கு அடில காலி இருக்கு, புது சொத்தைன்னு தப்பா படிச்சு திறந்துட வாய்ப்பு இருக்கு, அதனால கார்டுல என்ன வெச்சோம்னு எழுதிடுங்க.

6 மாசம், 1 வருஷம் கழிச்சு குளிர் டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும். குளிருக்கு சாதாரணமா பதில் வரணும், வேர் நுனில கருப்பு நிழல் இருக்கக் கூடாது.

படி 6: சரியா வரலன்னா, கால்சியம் ஹைட்ராக்சைடோட உண்மையான இடம்

எல்லாம் சரியா பண்ணியும் சில பல்லு தோத்துடும். நம்ம 46 எட்டாவது மாசத்துல வருதுன்னு வெச்சுக்குவோம், குளிருக்கு பதில் இல்ல, கடிச்சா வலி, முன் வேர் நுனில சின்ன நிழல். உள்ள செத்து தொற்று ஆயிடுச்சு. இப்ப வேர் சிகிச்சை, கால்வாய்களோட நீளம் எடுத்து, ஃபைல் பண்ணி, ஹைப்போகுளோரைட்ல நல்லா கழுவி, அன்னிக்கே அடைக்காம உள்ள மருந்து வெச்சு அனுப்பறோம். அந்த மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு, பல்ப் மேல போட்டியில தோத்தது இங்க இன்னும் முதல் தேர்வு.

ஏன்னா இங்க அது கரையறதுதான் வேணும். கரைஞ்சாதான் ஹைட்ராக்சில் வெளிய வரும், வேலை முடிஞ்சதும் எடுத்துடவும் முடியும். பேஸ்ட்டா சிரிஞ்சுல வர்றத நுனிக்கு 1, 2 மில்லிமீட்டர் முன்னாடியே நிறுத்தி, முனைய பின்னால இழுத்துக்கிட்டே நிரப்பணும். சிரிஞ்ச் முனை கால்வாய் சுவர்ல இறுகி மாட்டியிருக்கும்போது பிஸ்டன அமுக்காதீங்க. கீழ் கடைவாய்ப்பல்லோட வேருக்கு அடில தாடை நரம்பு ஓடுது, நுனி தாண்டி அங்க போனா உதடு மரத்துப்போய் திரும்பி வராமலும் போகலாம். சிரிஞ்சோட மூடிய எடுத்த வேலை முடிஞ்சதும் உடனே திரும்ப போட்டுடுங்க, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டா கால்சியம் கார்பனேட்டா மாறி வெறும் சுண்ணாம்புத்தூள் ஆயிடும்.

நிரம்பிடுச்சான்னு எப்படி தெரியும்? சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு எக்ஸ்ரேல டென்டினோட அதே சாயல்ல இருக்கும், அதனால நல்லா நிரம்பினா கால்வாயே காணாம போயிடும். நடுவுல கருப்பு கோடு தெரிஞ்சா அங்க நிரம்பல. பேரியம் சல்பேட் கலந்த பேஸ்ட்னா வெள்ளையா தெரியும்.

ஒரு வாரம், ரெண்டு வாரம் போதும். டென்டின் இதோட காரத்த உறிஞ்சி பலத்த குறைக்கும், அதனால ஒரு நாள் ரெண்டு நாள் வெச்சா ஆழத்துல இருக்கிற பாக்டீரியாவுக்கு ஒண்ணும் ஆகாது. எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ்னு ஒண்ணு இருக்கு, அது புரோட்டான உள்ள இழுத்து தன் பிஹெச்ச சமாளிச்சுக்கும், 11.5 தாண்டினாதான் சாகும், டென்டினுக்குள்ள அந்த அளவு எட்டறதே கஷ்டம், அதனால பழைய தோத்துப்போன வேர் சிகிச்சைல இத மட்டும் நம்பாதீங்க. மறுபக்கம் மாசக்கணக்குல விட்டாலும் ஆபத்து, டென்டினோட புரதப் பிணைப்பு கெட்டு வேர் முறியற அளவுக்கு பலவீனமாகும், சின்ன பசங்களோட மெல்லிசு வேர்ல இது நிஜ பிரச்சனை. வளராத வேர் நுனிய மூட ஒரு வருஷம் மாத்தி மாத்தி கால்சியம் ஹைட்ராக்சைடு வெச்ச காலம் போய் பயோசெராமிக் அடைப்பு வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அனுப்பும்போது மேல திரும்ப ஐஆர்எம், 4 மில்லிமீட்டர். இப்போ கீழ பல்ப்பே இல்ல, இசட்ஓஈக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல.

படி 7: மருந்த எடுத்து நிரந்தரமா அடைக்கறது

கால்சியம் ஹைட்ராக்சைட எடுக்கறது வைக்கறத விட கஷ்டம். வெறும் சிரிஞ்சுல கழுவினா வேர் நுனிப் பக்கமும் ரெண்டு கால்வாய சேர்க்கற இடுக்குலயும் மிச்சம் நிக்கும். கடைசியா போன ஃபைல திரும்ப நுனி வரைக்கும் விட்டு, 17 சதவீத ஈடிடிஏவும் ஹைப்போகுளோரைட்டும் மாத்தி மாத்தி, நடுவுல ஒரு தடவை சலைன் விட்டு, ஒவ்வொண்ணையும் அல்ட்ராசோனிக் முனையால கலக்குங்க. வெளிய வர்ற திரவம் பால் மாதிரி இல்லாம தெளிவா வர்ற வரைக்கும். மிச்சம் விட்டுட்டு இசட்ஓஈ வகை சீலர் போட்டா யூஜினால் அந்த கால்சியத்தோட சேர்ந்து அவசரமா இறுகும், கட்டா பெர்ச்சா கோன் நீளத்துக்கு போறதுக்கு முன்னாடியே மாட்டிக்கும். கோன் முன்னாடி நீளம் போச்சு, சீலரோட போகலன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இத.

சீலர் எது? இசட்ஓஈ சீலர் பல பத்து வருஷ அனுபவம் உள்ளது, பின்னாடி திறக்கணும்னா கரைப்பான்ல இளகும், கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் கரையும், அதனால கட்டா பெர்ச்சாவ நல்லா அமுக்கி சீலர மெலிசா வைக்கணும். கால்வாய் நல்லா காஞ்சிருக்கணும். பயோசெராமிக் சீலர் தலைகீழ், அது டென்டினோட ஈரத்துலதான் இறுகும், பேப்பர் பாயிண்ட் ரெண்டு விட்டதோட நிறுத்திடணும், ஆல்கஹால் போட்டு உலர்த்தினா இறுகவே இறுகாது. சுருங்காது, ஒரே கோன்ல வேலை முடியும், அதனால எல்லாரும் அது பக்கம் போறாங்க, நானும்தான். ஆனா இறுகின அப்புறம் அத எந்த கரைப்பானும் கரைக்காது. கோன் நுனி வரைக்கும் போயிருந்தா பின்னாடி திறக்கும்போது கோன வழியா பிடிச்சு உள்ள போயிடலாம், கோன் 2 மில்லிமீட்டர் முன்னாடியே நின்னு மீதி வெறும் சீலரா இருந்தா அந்த 2 மில்லிமீட்டர் கல்லு, வளைஞ்ச முன் வேர்ல அத தோண்டப் போனா புது ஓட்டைதான் விழும். அதனால இந்த சீலர தொடறதுக்கு முன்னாடி கோன வெச்சு ஒரு எக்ஸ்ரே எடுத்து நீளம் சரியான்னு பார்த்துடுங்க, சரியா வரலன்னா அன்னிக்கு அடைக்காதீங்க, கால்சியம் ஹைட்ராக்சைட வெச்சு திரும்ப அனுப்புங்க.